சந்தாவுக்கு அப்பால்: கைலாசபுரத்தைச் சுற்றிய வெல்டிங் தொழிலும் அதன் சங்கங்களும்

கேள்வி

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் சாலையில் போனால் திருவெறும்பூரைத் தாண்டி வருவது கைலாசபுரம். பெல் எனப்படும் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலைக்காக 1960களில் எழுந்த குடியிருப்பு அது. அனல் மின்நிலையக் கொதிகலன் என்பது ஆயிரக்கணக்கான குழாய்களையும் தாங்குசட்டங்களையும் வெல்டிங்கால் இணைத்துக் கட்டுவது. எனவே ஆலை வந்த இடத்தில் வெல்டிங் ஒரு வட்டாரத் தொழிலாகவே வேர்விட்டது. 1975இல் ஆலையோடு இணைந்து வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. துவாக்குடியிலும் திருவெறும்பூரிலும் அரியமங்கலத்திலும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெருகின. பட்டறை முதலாளி, பொறியாளர், ஆய்வாளர், ஒப்பந்த வெல்டர் என்று இந்த ஒரே தொழிலில் வெவ்வேறு நிலையில் நிற்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு சங்கம் இருக்கிறது. இவற்றில் எது தன் சங்கம் என்று ஒருவர் எப்படிக் கண்டறிவது, சந்தா கட்டிய பிறகு அதில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்த ஒரே கேள்வியை இக்கட்டுரை ஆராய்கிறது.

இங்கே முன்வைக்கப்படும் வாதம் இது. ஒரு தொழில் அமைப்பு எழுதும் தாள் யாருடைய மேசைக்குப் போய்ச் சேர்கிறது, அந்த மேசையில் அதற்கு என்ன மதிப்பு என்பதே அந்த அமைப்பின் அளவுகோல். உறுப்பினர் எண்ணிக்கையோ கட்டடமோ ஆண்டு விழாவோ இதைக் காட்டுவதில்லை. அந்தத் தாளுக்கு வேண்டிய பதிவுகளைத் திரட்டி, எழுதி, கையோடு கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் பங்கெடுப்பதுதான் சந்தாவுக்கு அப்பாற்பட்ட ஈடுபாடு. மற்றவை அதைச் சுற்றியவை.

இதுவரை சொல்லப்பட்டவை

தொழில் அமைப்புகள் மீதான ஐயம் பழையது. ஒரே தொழிலைச் செய்பவர்கள் கூடினால் பேச்சு விலையை ஏற்றுவதில்தான் போய் முடியும் என்று ஆடம் ஸ்மித் 1776இலேயே எச்சரித்தார். இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்த ஐயம் மான்கர் ஓல்சனுடையது. 1965இல் வெளிவந்த தம் நூலில், கூட்டு முயற்சியால் வரும் பலன் எல்லோருக்கும் கிடைக்கும் என்றால் தனித்தனியே அதற்கு உழைக்க யாருக்கும் காரணம் இல்லை என்று அவர் வாதிட்டார். சாலை வந்தால் சந்தா கட்டாதவரும் அதில்தான் போவார். எனவே பெரிய சங்கங்கள் உறுப்பினருக்கு மட்டும் கிடைக்கும் தனிச் சலுகைகளைக் காட்டித்தான் நிலைத்திருக்க முடியும். சிறு குழுக்களிலோ ஒருவர் ஒதுங்குவது உடனே தெரிந்துவிடும் என்பதால் ஒத்துழைப்பு எளிது. ஸ்மித்துக்குச் சங்கம் அளவுக்கு மீறி ஒற்றுமையாக இருக்கிறது. ஓல்சனுக்கு அது போதிய ஒற்றுமையின்றி இருக்கிறது.

1990களில் சிறுதொழில் குவியல்களை ஆராய்ந்தவர்கள் இந்த விவாதத்தைத் தரைக்குக் கொண்டுவந்தார்கள். கூட்டுத் திறன் என்ற கருத்தை ஹூபர்ட் ஷ்மிட்ஸ் முன்வைத்தார். அருகருகே இருப்பதால் தானாக வரும் நன்மை ஒன்று, திட்டமிட்டுச் சேர்ந்து செய்வதால் வரும் நன்மை வேறொன்று என்று அவர் பிரித்தார். பாகிஸ்தானின் சியால்கோட்டில் அறுவைச் சிகிச்சைக் கருவி செய்யும் பட்டறைகளைப் பற்றி காலித் நத்வி 1999இல் எழுதிய ஆய்வு இந்த இரண்டாவது நன்மை எப்போது பிறக்கிறது என்று காட்டியது. 1994இல் அமெரிக்கா தரக் காரணத்தைக் காட்டி அந்தக் கருவிகளைத் தடுத்தது. தரச் சான்று பெறும் பயிற்சியை அரசு உதவியோடு ஏற்பாடு செய்த வேலை அவ்வூர்ச் சங்கத்தின் வழியாகவே நடந்தது. அதே ஆண்டில் பாலாற்றுப் படுகைத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றி லொரேன் கென்னடி எழுதியது நமக்கு இன்னும் நெருக்கமானது. கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டிய கட்டாயம் வந்தபோது, அதுவரை போட்டியாளர்களாக இருந்தவர்கள் ஒரே நிறுவனத்தில் பங்குதாரர்கள் ஆனார்கள். நெருக்கடி, தனியாகத் தீர்க்க முடியாத வேலை, அதை ஏற்கத் தயாராக ஓர் அமைப்பு ஆகிய மூன்றும் இரண்டு ஆய்வுகளிலும் உண்டு. ஆனால் நெருக்கடி இல்லாத சாதாரண ஆண்டுகளில் அந்த அமைப்பை உயிரோடு வைத்திருந்தவர் யார், எப்படி என்பதை இவ்வகை ஆய்வுகள் குறைவாகவே தொடுகின்றன.

அதற்கு நம் ஊர்களிலேயே ஒரு பழைய விடை உண்டு. தென்மாவட்ட வணிகர்களிடம் வழங்கிய மகமை, மூட்டைக்கு இவ்வளவு, வியாபாரத்துக்கு இவ்வளவு என்று பொதுநிதிக்குக் கொடுக்கும் முறை. விருதுநகரில் நாடார் சமூகத்தின் மகமைப் பணம் பள்ளிக்கூடமாகவே எழுந்து நின்றது. மகமை கொடுத்தவருக்குக் கணக்கு கேட்கும் உரிமை தெரியும், பணம் போன இடமும் கண்ணுக்குத் தெரியும். இன்றைய சந்தாவுக்கும் அதற்கும் உள்ள தூரம் இங்கேதான்: சந்தா ரசீதோடு உறவு முடிந்துவிடுகிறது.

எந்த அமைப்பு யாருக்கு

கைலாசபுரத்தைச் சுற்றி இருப்பவை ஒரே வகை அமைப்புகள் அல்ல. பட்டறை முதலாளிக்குரியவை வணிகச் சங்கங்கள். பெல்லுக்கு வேலை செய்து கொடுக்கும் சிறு ஆலைகளின் சங்கமான பெல்சியாவும், மாவட்டத்தின் குறு, சிறு தொழில்கள் எல்லாவற்றுக்குமான டிடிட்சியாவும் இந்த வகை. இவற்றின் தாள்கள் வாங்கும் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவுக்கும், மாவட்டத் தொழில் மையத்துக்கும், வங்கிக்கும், அரசுச் செயலகத்துக்கும் போகின்றன. பொறியாளருக்கும் ஆய்வாளருக்கும் உரியவை தொழில்நுட்ப அமைப்புகள். 1966இல் தொடங்கிக் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வெல்டிங் கழகத்துக்குத் திருச்சியில் கிளை உண்டு. அழிவிலாச் சோதனைக்கான இந்தியக் கழகம் 1989இல் இரண்டு பழைய அமைப்புகள் இணைந்து உருவானது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அதற்கும் இங்கே கிளை உண்டு. 1920இல் தோன்றி 1935இல் அரச சாசனம் பெற்ற இந்தியப் பொறியாளர் நிறுவனம் எல்லாத் துறைப் பொறியாளருக்கும் பொதுவானது. இவற்றின் தாள்கள் போவது தர நிர்ணயக் குழுக்களுக்கும் சான்றிதழ் வாரியங்களுக்கும். கூலி, பணிநேரம், பணிநீக்கம் ஆகியவற்றைப் பேசுவது தொழிலாளர் சங்கத்தின் வேலை. அது வேறு சட்டம், வேறு மேசை.

இந்த வகைகளைக் குழப்பிக்கொள்வதால்தான் ஏமாற்றம் வருகிறது. வெல்டிங் கழகத்தில் சேர்ந்துவிட்டு ரேட் ஏற்றிக் கேட்க முடியாது. வணிகச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதால் ஓர் ஆய்வாளரின் தகுதி கூடிவிடாது. இதைவிட ஆழமான குழப்பம் உறுப்பினர் தகுதியை உரிமம் என்று எண்ணுவது. இந்தியாவில் வழக்கறிஞரும் மருத்துவரும் சட்டப்படி பதிவு செய்துகொள்ளாமல் தொழில் செய்ய முடியாது. பொறியாளருக்கு அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. ஆகவே பெயருக்குப் பின்னால் போடும் எழுத்துகள் ஒரு நம்பிக்கைச் சான்றே தவிர அனுமதிச்சீட்டு அல்ல. கொதிகலனின் அழுத்தப் பாகத்தில் வெல்டிங் செய்ய அனுமதிப்பது கொதிகலன் விதிகளின்படி நடக்கும் வெல்டர் தேர்வு. எந்தக் கழகத்தின் அட்டையும் அதற்கு ஈடாகாது. பொறியாளர் நிறுவனத்தின் ஏ.எம்.ஐ.இ. தேர்வைப் பட்டத்துக்கு இணையாக மைய அரசு ஏற்றிருந்தது, பிறகு அந்த ஏற்பை 31.5.2013 வரை சேர்ந்தவர்களோடு நிறுத்திக்கொண்டது. அதற்கு முன் சேர்ந்தவர் கையில் இருப்பதும் பின் சேர்ந்தவர் கையில் இருப்பதும் ஒரே பெயர் கொண்ட சான்றுதான், அரசு வேலை விண்ணப்பத்தில் இரண்டின் எடை வேறு. ஓர் அமைப்பு தரும் தகுதியை இன்று யார், எந்த ஆணையின்படி ஏற்கிறார்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டியதன் காரணம் இதுதான்.

சேருமுன் பார்க்க வேண்டியவை மூன்று தாள்கள் மட்டுமே: துணைவிதி, சென்ற ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, கடைசிப் பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பு. துணைவிதியில் தேட வேண்டியது நோக்கங்களின் நீண்ட பட்டியலை அல்ல, வாக்குரிமையை. பல அமைப்புகளில் இணை உறுப்பினருக்கு வாக்கு இல்லை. குறித்த தேதிக்குள் சந்தா பாக்கியைத் தீர்க்காதவருக்கும் அந்த ஆண்டு வாக்கு இல்லை. கணக்கில், வரவில் எவ்வளவு விழாவுக்கும் நாட்காட்டிக்கும் போகிறது, எவ்வளவு கூட்டங்களுக்கும் பயணத்துக்கும் மனுக்களுக்கும் போகிறது என்று பார்க்கலாம். நடவடிக்கைக் குறிப்பு இன்னும் பேசும். ‘கோரிக்கை வைக்கப்பட்டது’ என்ற வரி மட்டும் ஆண்டுதோறும் திரும்பி வந்து, பதில் வந்ததா என்ற வரி ஒருமுறையும் வராவிட்டால், அந்த அமைப்பின் தாள் எந்த மேசையையும் அடைவதில்லை என்று பொருள். சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் உள்ள அமைப்பு ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிப் பதிவாளருக்கு விவரம் அனுப்ப வேண்டும். இந்தத் தாள்களைக் காட்டத் தயங்கும் அமைப்பில் சேர அவசரம் வேண்டாம்.

வணிகச் சங்கம்: ஒரு பில்லின் நான்கு தேதிகள்

இங்குள்ள ஃபேப்ரிகேஷன் பட்டறையின் நிலை தனியானது. பெரும்பகுதி வேலை ஒரே நிறுவனத்திடமிருந்து வரும். இரும்பும் அவர்களுடையதாகவே வரும். பட்டறைக்குக் கிடைப்பது டன்னுக்கு இவ்வளவு என்ற கன்வெர்ஷன் கூலி. மின்நிலைய ஆர்டர் நாட்டில் குறைந்தால் பட்டறையில் கிரேன் நிற்கும். இந்த வட்டாரம் அதைப் பல ஆண்டுகள் அனுபவித்திருக்கிறது. ஒரே வாங்குபவரை நம்பியிருக்கும் முதலாளி அவர்மீது புகார் எழுதத் தயங்குவார். அடுத்த ஆர்டர் அந்தக் கையில்தான் இருக்கிறது. வணிகச் சங்கத்தின் உண்மையான பயன் இந்தத் தயக்கத்திலிருந்துதான் பிறக்கிறது.

எடுத்துக்காட்டாக, பத்து லட்ச ரூபாய் கூலிப் பில் ஒன்றை வைத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு அல்லது சிறு தொழிலிடம் வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று கொண்டால் ஆண்டுக்கு 18, மாதத்துக்கு ஒன்றரை. ஆறு மாதத் தாமதத்துக்கு வட்டி மட்டும் ஏறத்தாழ 93,400 ரூபாய். உத்யம் பதிவு கையில் இருந்தால் வசதி மன்றத்தில் முறையிடலாம். அந்த மன்றம் திருச்சியிலும் அமர்கிறது. பதிவை ஆர்டர் வாங்குமுன்னரே முடித்திருப்பதுதான் பாதுகாப்பு, பின்னால் எடுத்த பதிவு வழக்கில் நிற்காமல் போகலாம். சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது சங்கம் எதற்கு என்று தோன்றும்.

இரண்டு காரணங்கள். முதலாவது, முறையீட்டில் கையெழுத்திட வேண்டியவர் சரக்குக் கொடுத்தவர்தான். சங்கம் அவருக்காக மனுவை எழுதித் தரலாம், கூடவே போகலாம், பெயரை மறைக்க முடியாது. எனவே உறவை முறித்துக்கொள்ளத் துணிந்தவருக்கும் ஏற்கெனவே முறிந்துவிட்டவருக்குமே அந்த வழி. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. அந்த 45 நாள் கடிகாரம் சரக்கு ஏற்கப்பட்ட பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. பட்டறைக்காரரின் பணம் முடங்குவதோ அதற்கு முன்பே தொடங்கிவிடலாம். வேலை முடிந்து இன்ஸ்பெக்ஷனுக்குக் கூப்பிட்ட நாள், ஆய்வர் வந்த நாள், பொருள் ஏற்கப்பட்ட நாள், பணம் வந்த நாள் என்று ஒரு பில்லுக்கு நான்கு தேதிகள் உண்டு. கடைசி இரண்டுக்கும் இடையிலான தாமதத்தைத்தான் சட்டம் பார்க்கிறது. முதல் இரண்டுக்கும் இடையில் இருபது நாள் போனால் அதற்கு வட்டியும் இல்லை, மன்றமும் இல்லை. பொருள் பட்டறைத் தரையில் கிடக்கும். அடுத்த வேலைக்கு இடம் இருக்காது. கிரேன், மின்கட்டணம், கூலி எல்லாம் முதலாளியின் கைக்காசு.

இந்தத் தாமதத்தை எந்தத் தனி உறுப்பினராலும் நிரூபிக்க முடியாது, ஏனென்றால் ஒருவரின் இருபது நாள் தற்செயலாகவே பார்க்கப்படும். இருபது பட்டறைகள் ஓராண்டு இந்த நான்கு தேதிகளையும் ஒரே படிவத்தில் எழுதிச் சங்கத்திடம் கொடுத்து, சங்கம் பட்டறைப் பெயர்களை நீக்கி, பொருள் வகைவாரியாக நடுமதிப்பை எடுத்து ஒரே பக்கமாக வைத்தால் அது வேறு தாள். எந்த வகைப் பொருளில், எந்த மாதத்தில், ஆய்வுக்காகக் காத்திருப்பு கூடுகிறது என்று அது காட்டும். வாங்கும் நிறுவனத்துக்கும் அது பயன்படும், ஏனென்றால் தங்கள் கட்டுமான அட்டவணை எங்கே பின்தங்குகிறது என்பது அவர்களுக்கே இந்த வடிவில் தெரியாமல் இருக்கலாம். கோரிக்கை மனுவில் ‘தாமதம் அதிகம்’ என்று எழுதுவதற்கும் இந்தப் பக்கத்துக்கும் உள்ள வேறுபாடே, வெறும் சந்தாவுக்கும் ஈடுபாட்டுக்கும் உள்ள வேறுபாடு. இதற்கு மேடைப்பேச்சு தேவையில்லை. நான்கு தேதிகளை விடாமல் எழுதும் ஒரு பட்டறைக் கணக்கரும், அவற்றை வாங்கித் தொகுக்க மாதம் ஒரு மாலையை ஒதுக்கும் ஒரு செயற்குழு உறுப்பினரும் போதும்.

இங்கே ஓர் எல்லைக்கோடு உண்டு. கூலி போதவில்லை என்று விலைவாசிக் கணக்கோடு வாங்குபவரிடம் சங்கம் எடுத்துச் சொல்வது ஒன்று. இந்த ரேட்டுக்குக் கீழே யாரும் டெண்டர் போடக்கூடாது என்று உறுப்பினர்கள் தமக்குள் முடிவெடுப்பது வேறு. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் சங்கத்தின் தீர்மானத்தையும் போட்டியாளர்களுக்கு இடையிலான உடன்படிக்கையாகவே பார்க்கிறது. மருந்து வணிகர் சங்கங்கள் தங்கள் தடையில்லாச் சான்று இல்லாமல் விநியோகஸ்தரை நியமிக்கக்கூடாது என்று வைத்திருந்த வழக்கத்துக்காகப் போட்டி ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது. நடவடிக்கைக் குறிப்பை எழுதும் பொறுப்பை ஏற்பவர் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். ‘மின்கட்டணமும் வாயுவும் எலெக்ட்ரோடும் ஏறியதால் டன்னுக்கான அடக்கச்செலவு கூடிய விவரத்தை இணைத்து, ரேட்டை மறுபரிசீலிக்கக் கோருவது’ என்று எழுதினால் அது மனு. ‘டன்னுக்கு இவ்வளவுக்குக் குறையாமல் கேட்பது என முடிவானது’ என்று எழுதினால் அது சங்கத்துக்கு எதிரான சாட்சியம். ஆடம் ஸ்மித்தின் ஐயத்துக்குச் சங்கத்தைக் கலைப்பது விடையாகாது, இந்த இரண்டாவது வாக்கியம் எழுதப்படாமல் பார்த்துக்கொள்ளும் உறுப்பினரே விடை.

தொழில்நுட்ப அமைப்பு: ஒரு கட்டு ராடு

பொறியாளர் அமைப்பில் தாளின் பயணம் வேறு விதமானது. பெரும்பாலோர் இதை மாலைச் சொற்பொழிவு, கருத்தரங்கு, இதழ் என்ற அளவில்தான் அறிவார்கள். அவை பயனுள்ளவை. ஆனால் கைலாசபுரத்துப் பட்டறையில் காலையில் என்ன செய்யப்பட வேண்டும் என்று தீர்மானிப்பவை தரநிலைகள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் வெல்டிங்குக்கென்று தனிக் குழு இயங்குகிறது. அதில் இடம் பெறுபவை பெரும்பாலும் நிறுவனங்களும் அமைப்புகளும்தான். அவை ஒரு முதன்மை உறுப்பினரையும் ஒரு மாற்று உறுப்பினரையும் அனுப்பும். வரைவு தயாரானதும் பரவலாகக் கருத்துக் கேட்டுச் சுற்றுக்கு விடப்படும். அப்போது யாரும் கருத்து அனுப்பலாம், கட்டணம் இல்லை. பலர் அறியாத வாசல் இது.

கருத்து எப்படி எழுதப்படுகிறது என்பதை ஒரு கற்பனை வரைவை வைத்துப் பார்க்கலாம். குறை ஹைட்ரஜன் எலெக்ட்ரோடை, பட்டறை மொழியில் 7018 ராடை, உலரவைப்பது பற்றிய பிரிவு அது. இந்த ராடின் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகுந்து, இரும்பு ஆறிய பிறகு, சில வேளை ஒரு நாளுக்கும் மேலாகிக்கூட, விரிசலாக வெளிவரும். அன்று மாலை பார்த்தபோது நன்றாக இருந்த வெல்டு மறுநாள் சோதனையில் விழுவதற்கு இது ஒரு காரணம். அதனால் ராடை அதிக வெப்பத்தில் சுட்டு, பிறகு 120 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாகவே வைத்திருந்து, வெளியே எடுத்தால் குறித்த நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் கட்டுமானத் தரநிலை சாதாரண 7018க்கு அந்த நேரத்தை நான்கு மணி என்று வைக்கிறது. நம் கற்பனை வரைவு ‘எலெக்ட்ரோடுகளை நீண்ட நேரம் வெளியில் வைக்கலாகாது’ என்று மட்டும் சொல்கிறது என்று கொள்வோம்.

‘இந்தப் பிரிவு தெளிவாக இல்லை’ என்று ஒருவர் எழுதினால் குழு அதைக் குறித்துக்கொள்ளும், மேற்கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. கருத்துப் படிவம் கேட்பது பிரிவு எண், கருத்தின் வகை, காரணம், மாற்றாக வைக்க வேண்டிய சொற்கள் ஆகியவற்றை. ‘நீண்ட நேரம் என்பதை ஆய்வாளர் ஒருவர் இரண்டு மணி என்றும் மற்றொருவர் ஒரு ஷிப்ட் என்றும் எடுத்துக்கொள்கிறார், உற்பத்தியாளர் வேறு நேரம் குறிக்காதவரை நான்கு மணி என்று இருக்க வேண்டும், ராடு வெளியே எடுத்த நேரம் வெல்டரின் பெட்டியில் எழுதப்பட வேண்டும்’ என்று எழுதினால், குழு அதை ஏற்க வேண்டும், அல்லது மறுக்கும் காரணத்தைச் சொல்ல வேண்டும். மழைக்கால ஈரத்தில் ஒரு பட்டறையில் எடுத்த பதிவு, எத்தனை ராடு, எத்தனை மணி, எத்தனை விரிசல் என்று உடன் வந்தால் அந்தக் கருத்துக்குப் பலம் இன்னும் கூடும். ஆய்வறிக்கை எழுதத் தெரிந்த எந்த ஆய்வாளருக்கும் இது முடியும்.

யாரும் தனியாகவே அனுப்பலாம் என்றால் அமைப்பு ஏன்? தனியாக அனுப்பிய கருத்து கூட்ட மேசையில் ஒரு வரி. அது வாசிக்கப்படும்போது எதிர்க்கேள்வி எழுந்தால் பதில் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். கழகத்தின் சார்பில் அமர்ந்திருக்கும் உறுப்பினர் அந்த வரியைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டால் மட்டுமே அது விவாதமாகிறது. அவர் எடுத்துக்கொள்ள வேண்டுமானால் அவருக்கு முன்பே அது தெரிந்திருக்க வேண்டும். திருச்சிக் கிளையின் மாலைக் கூட்டம் அதற்கான இடம். வரைவு சுற்றுக்கு வந்த மாதத்தில் சொற்பொழிவுக்குப் பதிலாக அந்த வரைவைப் பிரிவு பிரிவாக வாசித்து, திரண்ட கருத்துகளைக் கழகப் பிரதிநிதிக்கு அனுப்புவது என்று ஒரு கிளை வழக்கம் வைத்துக்கொண்டால், அதன் உறுப்பினர் பட்டியல் முதல்முறையாக ஒரு வேலையைச் செய்ததாகும். ஆராய்ச்சி நிறுவனமும், பொறியியல் கல்லூரியும், பெரிய ஆலையும், சிறு பட்டறைகளும் சில கிலோமீட்டருக்குள் இருக்கும் வட்டாரம் இது; இப்படிப்பட்ட வாசிப்புக்கு இதைவிட வசதியான ஊர் தமிழ்நாட்டில் குறைவு.

மறுப்புகள்

முதல் மறுப்பு, இங்கே நுழையவே முடியாது, பழையவர்களே பதவியில் இருக்கிறார்கள் என்பது. பல அமைப்புகளில் இது உண்மை. ஆனால் பழையவர்கள் விட்டுத்தர மறுப்பது தலைவர் நாற்காலியை; குறிப்பு எழுதும் வேலை, கணக்குச் சரிபார்க்கும் வேலை, பதிவு திரட்டும் வேலை ஆகியவற்றுக்கு எந்த அமைப்பிலும் ஆள் பற்றாக்குறைதான். மேலே வாதிட்டபடி தாள்தான் அமைப்பின் உயிர் என்றால், அதை எழுதும் கை நாற்காலிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இந்த விடைக்கும் எல்லை உண்டு. தேர்தலே நடக்காத, கணக்கே காட்டாத அமைப்பில் எழுதிக் கொடுத்த தாள் அலமாரியிலேயே இருந்துவிடும். அங்கே துணைவிதிப்படி பொதுக்குழுவைக் கூட்டக் கோருவதும், பலிக்காவிட்டால் விலகுவதும்தான் வழி.

இரண்டாவது மறுப்பு வலுவானது: ஒரே வாங்குபவரைச் சார்ந்த சங்கம் எப்படிச் சுதந்திரமாக இருக்கும்? செயற்குழுவில் இருப்பவர்களும் அதே ஆலையிடம் ஆர்டர் வாங்குபவர்கள்தானே? இதற்கு முழு விடை இல்லை. பெயர் நீக்கிய தொகுப்பு ஓரளவு காக்கும். மாவட்ட அளவிலான பொதுச் சங்கத்திலும் உறுப்பினராக இருந்தால், வாங்குபவரைச் சாராத பிற தொழிலினரின் ஆதரவும் கிடைக்கும். உண்மையான சுதந்திரம் ஆர்டர்கள் பலரிடமிருந்து வரும்போதுதான் வரும், அதற்குப் பட்டறைகளுக்கு வேறு தரச்சான்றுகள் வேண்டும். சியால்கோட்டில் சங்கம் ஏற்றுக்கொண்ட வேலையும் அதுவே.

ஓல்சனின் மறுப்பு எஞ்சுகிறது: நான் தேதி எழுதாவிட்டாலும் சங்கத்தின் தாள் எனக்கும் பயன்படுமே. தேதிப் படிவம் இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. பதிவு கொடுத்த பட்டறைக்கு, தன் காத்திருப்பு நாட்கள் மற்றவர்களின் நடுமதிப்போடு எப்படி நிற்கின்றன என்பதைத் தனியே காட்டும் ஒரு தாளைச் சங்கம் தரலாம். தன் பட்டறையில் மட்டும் தாமதம் கூடுதலாக இருந்தால் குறை ஆய்வரிடம் இல்லாமல் தன்னிடமே, அரைகுறை ஆவணத்தோடு கூப்பிட்டதில், இருக்கலாம் என்பது அப்போது தெரியவரும். இந்தத் தகவல் எழுதாதவருக்குக் கிடைக்காது.

வெளியே நிற்பவர்

மேலே பேசிய இரண்டு வகை அமைப்புகளிலும் இல்லாதவர் ஒருவர் உண்டு: ராடைக் கையில் பிடிக்கும் ஒப்பந்த வெல்டர். அவர் முதலாளி அல்ல, ஆகவே வணிகச் சங்கம் இல்லை. கழகத்தின் கூட்டம் மாலை ஆறு மணிக்கு, அவருக்கு ஓவர்டைம். அவருடைய தகுதி ஒரு தேர்வுத் தகட்டிலும் ஒரு அட்டையிலும் இருக்கிறது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதிப்படி, ஒரு முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாமல் இருந்தால் அந்தத் தகுதி காலாவதி. எனவே பட்டறை மாறும்போது முந்தைய இடத்தில் எந்த மாதம் வரை எந்த முறையில் வேலை செய்தார் என்ற தொடர்ச்சிப் பதிவு அவருக்கு வேண்டும், அது பெரும்பாலும் பழைய பட்டறையின் கோப்பிலேயே தங்கிவிடுகிறது. புதிய பட்டறை மீண்டும் தகடு வெட்டி, மீண்டும் சோதித்து, அதுவரை அவரைக் காத்திருக்க வைக்கிறது.

இந்த இடத்தில் வணிகச் சங்கத்தின் வேலையும் தொழில்நுட்பக் கழகத்தின் வேலையும் ஒரே தாளில் சேர முடியும். உறுப்பினர் பட்டறைகள் எல்லாம் ஒரே வடிவத் தொடர்ச்சிப் பதிவை வைத்து, விலகும் வெல்டருக்கு அதன் படியைக் கையெழுத்திட்டுத் தருவது என்று வணிகச் சங்கம் தீர்மானிக்கலாம். வேறு பட்டறையின் பதிவை ஏற்பதா என்பது புதிய பட்டறையும் அதன் வாடிக்கையாளரும் எடுக்கும் முடிவு. ஏற்கத் தக்க பதிவில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற படிவத்தைக் கழகக் கிளை எழுதித் தரலாம். மழைக்காலத்தில் எந்த ராடு எத்தனை மணியில் கெடுகிறது என்பதும் வெல்டரின் கைக்குத்தான் முதலில் தெரியும். அவர் தமிழில் சொல்வதைக் கேட்டு, பிரிவு எண் போட்டு, ஆங்கிலக் கருத்துப் படிவத்தின் கட்டத்துக்குள் எழுத ஒருவர் அருகில் உட்கார வேண்டும். திருச்சிக் கிளையில் அப்படி உட்காரும் வேலைக்கு இன்று பதவிப் பெயர் எதுவும் இல்லாவிட்டாலும், துணைவிதியில் அதற்குத் தடையும் இருக்காது.